மத்திய வங்கியின் பெயரில் இருக்கும் பணத்தை ஜப்தி செய்ய முடியுமா?

பரிதி எழுதியது:

இயந்திர உதிரிபாகங்கள் வழங்கும் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஒரு வெளிநாட்டு அமைச்சகம் எங்கள் ஒப்பந்தத்தைப் பாதியில் ரத்து செய்தது. நடுவர் மன்றத்துக்குப் போய் வென்றோம். தீர்ப்பு கையில் இருக்கிறது, பணம்தான் வரவில்லை. எங்கள் வழக்கறிஞர் சொத்து தேடியதில், லண்டனில் மற்றவர்களின் பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் ஒரு கஸ்டோடியன் வங்கியிடம் அந்த நாட்டுக்குப் பங்குகளும் கடன் பத்திரங்களும் இருப்பதாகத் தெரியவந்தது. கணக்கு அந்த நாட்டு மத்திய வங்கியின் பெயரில் இருக்கிறது. ஆனால் அது அந்நியச் செலாவணிக் கையிருப்பு அல்ல. எண்ணெய் வருமானத்தை எதிர்காலத்துக்காகச் சேர்த்து வைக்கும் நிதியின் பணம். மத்திய வங்கி நிர்வாகம் மட்டும் செய்கிறது. வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்குகிறார். இதை ஜப்தி செய்ய வழியே இல்லையா?

---

நிலவழகன் எழுதியது:

இதில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. அரசு வியாபாரத்தில் இறங்கினால், வேறு நாட்டு நீதிமன்றத்தின் நடவடிக்கையிலிருந்து தப்பிக்கும் விலக்குரிமை அதற்குக் கிடையாது என்பது பல பத்தாண்டுகளாக நிலைத்துவிட்ட சட்டம். நீங்கள் விற்றது இயந்திர உதிரிபாகம், அது சுத்தமான வணிகம். அந்த அரசு நடுவர் மன்றத்துக்கும் ஒப்புக்கொண்டிருக்கிறது. தீர்ப்பை லண்டனில் பதிவு செய்துவிட்டு நிறைவேற்று மனு போடுங்கள். மத்திய வங்கி என்பது அரசின் இன்னொரு சட்டைப்பை, அவ்வளவுதான்.

---

மு. சந்தானம் எழுதியது:

நிலவழகன் சொன்னதில் முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தவறு. தீர்ப்புதாரர்கள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஓர் அரசை நீதிமன்றத்தில் நிறுத்துவது வேறு, அதன் சொத்தில் கை வைப்பது வேறு. முதல் கேள்வியில் தகராறு எதைப் பற்றியது என்று பார்ப்பார்கள். உதிரிபாகம் விற்றது வணிகம்தான், ஆகவே வழக்கு நடக்கும். இரண்டாம் கேள்வியில் உங்கள் தகராறு எதைப் பற்றியது என்பதைப் பிரிட்டன் நீதிபதி பொருட்படுத்தவே மாட்டார். நீங்கள் பிடிக்க நினைக்கும் அந்தச் சொத்து இப்போது எதற்குப் பயன்படுகிறது என்று மட்டுமே கேட்பார். வணிகப் பயன்பாட்டில் இருந்தால் பிடிக்கலாம். அமெரிக்கச் சட்டம் ஒரு படி மேலே போய், பொதுவாக அந்தச் சொத்துக்கும் உங்கள் கோரிக்கைக்கும் தொடர்பு இருக்கிறதா என்றும் கேட்கும், அரசு தன் விலக்குரிமையைக் கைவிட்டிருந்தாலோ கையில் இருப்பது நடுவர் தீர்ப்பாக இருந்தாலோ ஒழிய.

மத்திய வங்கிச் சொத்துக்கு இதற்கும் மேலே ஒரு பூட்டு உண்டு. பிரிட்டனின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு, வெளிநாட்டு மத்திய வங்கியின் சொத்தை வணிகப் பயன்பாட்டில் உள்ளதாகக் கருதவே கூடாது என்கிறது. உண்மையில் வணிகத்துக்குப் பயன்பட்டாலும் கருதக் கூடாது. சாட்சியம் காட்டி அதை மறுக்க இடமில்லை.

இந்தப் பூட்டுக்கு ஒரு பின்கதை உண்டு. நைஜீரிய மத்திய வங்கி, சிமென்ட் வாங்குவதற்காக, விற்பவருக்குப் பணம் தருவதாக உறுதியளித்துக் கொடுத்த கடன் கடிதத்தின் பணத்தைத் தர மறுத்தது. சிமென்ட் அந்நாட்டு ராணுவக் குடியிருப்புகளுக்கானது. 1977இல் நீதிபதி டென்னிங் பிரபு அமர்ந்த லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த வங்கிக்கு விலக்குரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் மத்திய வங்கிச் சொத்துக்குத் தனிப் பாதுகாப்பு எழுதிவிட்டது. அமெரிக்கா 1976லேயே எழுதிவிட்டது. நியூயார்க்கிலும் லண்டனிலும் கையிருப்பை வைத்திருக்கும் நாடுகள் ஜப்திக்குப் பயந்து பணத்தை வேறு ஊருக்கு எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது என்ற கணக்குதான் இரண்டுக்கும் அடிப்படை. இதில் நீதியைக் காட்டிலும் வைப்புத்தொகை மீதான அக்கறை அதிகம் என்பது என் தாழ்மையான கருத்து.

பரிதி, உங்கள் நிலைமையை அப்படியே ஒத்த வழக்கு ஒன்று லண்டனில் 2005இல் நடந்திருக்கிறது. கஜகஸ்தான் அரசுக்கு எதிராக ஒரு முதலீட்டு நிறுவனம் ஏறக்குறைய 1 கோடி டாலருக்கு நடுவர் தீர்ப்பு பெற்றது. அல்மாட்டியில் வீடு கட்டும் திட்டத்தை அரசு பறித்துக்கொண்டதுதான் தகராறு. லண்டனில் ஒரு கஸ்டோடியனிடம் கஜகஸ்தான் தேசிய நிதியத்தின் பணமும் பத்திரங்களும் இருந்தன. எண்ணெய் வருமானம் சேரும் நிதியம் அது. கணக்கு அந்நாட்டுத் தேசிய வங்கியின் பெயரில் இருந்தது. நிறுவனம் உங்களைப் போலவே வாதாடியது: பணம் உண்மையில் அரசினுடையது, வங்கி வெறும் நிர்வாகி, பங்குச் சந்தையில் லாபத்துக்கு வாங்கி விற்பது வணிகமே.

நீதிபதி ஐக்கின்ஸ் மூன்றையும் நிராகரித்தார். வங்கிக்கு அந்தச் சொத்தில் ஏதோ ஒரு வகை உரிமை இருந்தாலே அது வங்கியின் சொத்துதான், என்ன நோக்கத்துக்காக வைத்திருக்கிறது என்று ஆராயத் தேவையில்லை என்றார். அரசின் சொத்து என்றே வைத்துக்கொண்டாலும், நாட்டின் நிதியைப் பேணுவது இறையாண்மைச் செயல், அதன் ஒரு பகுதியாகப் பங்கு வாங்குவதால் அது வணிகமாகிவிடாது என்றும் சேர்த்துச் சொன்னார். உங்கள் வழக்கறிஞர் உதட்டைப் பிதுக்குவதன் காரணம் இந்தத் தீர்ப்புதான்.

---

அறவாழி எழுதியது:

விலக்குரிமை, பூட்டு என்றெல்லாம் பேசுகிறீர்கள். ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 19,000 கோடி யூரோ பெல்ஜியத்தில் பத்திரங்களை வைத்துக் காக்கும் யூரோகிளியர் நிறுவனத்தில் முடங்கிக் கிடக்கிறதே, அப்போது இந்தப் பூட்டு எங்கே போனது? பலமுள்ளவன் நினைத்தால் எதையும் எடுக்கலாம் என்பதுதான் உண்மையான சட்டம். பரிதி தன் அரசாங்கத்திடம் போய்ச் சொல்லட்டும்.

---

மு. சந்தானம் எழுதியது:

அறவாழி, அது வேறு விவகாரம். 2022இல் நடந்தது அரசுகளின் தடை ஆணை. எந்த நீதிமன்றமும் பணம் வரவேண்டிய ஒரு கடன்காரருக்காக அந்தப் பணத்தை ஜப்தி செய்யவில்லை, உரிமையும் கைமாறவில்லை. நாம் பேசும் விலக்குரிமை நீதிமன்ற நடவடிக்கையிலிருந்து கிடைக்கும் பாதுகாப்பு. அது நிர்வாக ஆணைகளையும் தடுக்குமா என்பதில் அறிஞர்களே இரண்டு கட்சியாக நிற்கிறார்கள். ஆனால் அந்த வாதம் எப்படி முடிந்தாலும் தனிப்பட்ட கடன்காரர் ஒருவருக்கு அதனால் கதவு திறக்காது.

நீங்கள் சொல்ல வருவதற்குப் பொருத்தமான உதாரணம் ஈரான்தான். அதன் மத்திய வங்கியின் ஏறக்குறைய 175 கோடி டாலரைக் குண்டுவெடிப்பில் பாதிக்கப்பட்டவர்களுக்குக் கொடுப்பதற்காகவே அமெரிக்க நாடாளுமன்றம் 2012இல் தனிச் சட்டம் இயற்றியது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. சட்டம் கொடுத்த பாதுகாப்பைச் சட்டமே எடுத்துக்கொண்டது. உதிரிபாகப் பாக்கிக்காக எந்த நாடாளுமன்றமும் தனிச் சட்டம் போடப் போவதில்லை.

---

கயல்விழி எழுதியது:

சந்தானம் ஐயா லண்டனோடு நிறுத்திவிட்டார். அதே கஜகஸ்தான், அதே தேசிய நிதியம், அதே வாதம், ஸ்டாக்ஹோமில் நேர்மாறாக முடிந்த கதையையும் சொல்ல வேண்டும்.

மால்டோவாவைச் சேர்ந்த முதலீட்டாளர்கள் கஜகஸ்தானுக்கு எதிராக 2013இல் சுமார் 50 கோடி டாலருக்கு நடுவர் தீர்ப்பு பெற்றார்கள். எண்ணெய், எரிவாயுத் தொழில் பற்றிய தகராறு. அரசு கொடுக்கவில்லை. அவர்கள் பல நாடுகளில் ஒரே நேரத்தில் தேசிய நிதியத்தின் சொத்தைத் தேடிப் போனார்கள். ஸ்வீடனில் நிதியத்தின் கணக்கில் இருந்த பங்குகள் அகப்பட்டன. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் லண்டனைப் போலவே மத்திய வங்கிச் சொத்து என்று கதவைச் சாத்தியது. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைப் புரட்டிப்போட்டது.

அந்த நீதிமன்றம் கையில் எடுத்தது 2004ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. அது இன்னும் நடைமுறைக்கு வராத உடன்படிக்கை, ஆனால் ஸ்வீடன் ஏற்றிருக்கிறது. அதிலும் மத்திய வங்கியின் சொத்துக்குத் தனிப் பாதுகாப்பு எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் நீதிபதிகள் அதைப் படித்த விதம் வேறு. வங்கியின் பெயர் இருப்பது மட்டும் போதாது, அந்தச் சொத்து நாணயக் கொள்கை நடத்தும் பணியோடு தெளிவாகப் பிணைந்திருக்க வேண்டும் என்றார்கள். தேசிய நிதியத்தின் சேமிப்புப் பகுதி நீண்டகால லாபத்துக்காக முதலீடு செய்யப்பட்டது. நாணய மதிப்பைக் காப்பதோடு அதற்கு இருந்த தொடர்பு சுற்றிவளைத்த ஒன்றுதான். ஆகவே விலக்குரிமை இல்லை. மற்றக் கேள்விகளுக்காக வழக்கைக் கீழே திருப்பி அனுப்பினார்கள்.

ஆக, பரிதியின் கேள்விக்கு விடை அந்தப் பணம் எந்த ஊரில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பிரான்சும் இதில் நடுவழியில் நிற்கிறது. அங்கே மத்திய வங்கிச் சொத்துக்குப் பாதுகாப்பு உண்டு. ஆனால் அந்தக் குறிப்பிட்ட சொத்து தனியார் சட்டத்துக்கு உட்பட்ட நடவடிக்கைக்காக ஒதுக்கப்பட்டது என்று கடன்காரர் நிரூபித்தால் ஜப்திக்கு இடம் உண்டு. நிரூபிக்கும் சுமை முழுவதும் கடன்காரர் தலையில்.

---

வீட்டு உரிமையாளர் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சொந்தமான கட்டிடத்தில் ஒரு தூதரகம் வாடகைக்கு இருக்கிறது. நீண்ட நாளாக வாடகை பாக்கி. அவர்கள் ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் வங்கிக் கணக்கு எது என்று எனக்குத் தெரியும். அதிலிருந்து எடுத்துக்கொள்ள நீதிமன்றம் ஆணையிடுமா? இது மத்திய வங்கி அல்லவே.

---

மு. சந்தானம் எழுதியது:

ஆணையிடாது. இதையும் அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1984இல் கொலம்பியத் தூதரகக் கணக்கு பற்றிய வழக்கில் தீர்த்துவிட்டது. தூதரகத்தின் நடப்புக் கணக்கில் இருந்து பேனாவும் வாங்குவார்கள், சம்பளமும் கொடுப்பார்கள். வணிகச் செலவும் கலந்திருக்கிறது என்பதற்காக முழுக் கணக்கும் வணிகமாகாது. வணிகக் கடனைத் தீர்ப்பதற்கென்றே தனியாக ஒதுக்கிய கணக்கு என்று நீங்கள் காட்ட வேண்டும். அது வணிகத்துக்கானது அல்ல என்று தூதர் ஒரு சான்றிதழ் கொடுத்தால், நீங்கள் மறுத்து நிரூபிக்கும் வரை அதுவே போதுமான சாட்சியம். கணக்குப் புத்தகம் அவர்களிடம் இருக்கும்போது நீங்கள் எதைக் கொண்டு மறுப்பீர்கள்? வியன்னா உடன்படிக்கையின்படி தூதரகக் கட்டிடத்துக்குள் அமீனா நுழையவும் முடியாது. உங்கள் நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு எழுதுங்கள். மரியாதைக் குறைவு என்று உணர்ந்தால் சில தூதரகங்கள் கட்டிவிடும்.

---

நிலவழகன் எழுதியது:

சரி, முதல் பூட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இன்னொரு வழி இருக்கிறதே. மத்திய வங்கியை அரசு தன் இஷ்டத்துக்கு ஆட்டிவைக்கிறது என்று காட்டினால் இரண்டும் ஒன்றே என்று நீதிமன்றம் அறிவிக்கும். கியூப வங்கி வழக்கில் 1983இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழியைத் திறந்துவைத்தது. வெனிசுவேலாவின் எண்ணெய் நிறுவனத்தை அப்படித்தான் பிடித்தார்கள்.

---

கயல்விழி எழுதியது:

எண்ணெய் நிறுவனத்துக்கு அந்த வழி வேலை செய்யும், அது மத்திய வங்கி அல்ல. மத்திய வங்கி விஷயத்தில் அர்ஜென்டினா வழக்கைப் பாருங்கள்.

2001இல் அர்ஜென்டினா கடனைத் திருப்பித் தர முடியாது என்று அறிவித்தது. பத்திரங்களை வாங்கி வைத்திருந்த நிதி நிறுவனங்கள் நியூயார்க்கில் டிக்ரி வாங்கின. 2005 டிசம்பரில் அரசு ஓர் ஆணை போட்டு, மத்திய வங்கியின் கையிருப்பிலிருந்து பன்னாட்டு நாணய நிதியத்தின் கடன் 980 கோடி டாலரை அடைத்துவிடத் தீர்மானித்தது. கடன்காரர்களுக்கு இது பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல. வங்கியின் பணத்தை அரசு தன் கடனுக்குப் பயன்படுத்துகிறது என்றால் அது அரசின் பணம்தானே என்று, நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த சுமார் 10.5 கோடி டாலரை முடக்கினார்கள்.

2010இல் கீழ்நீதிமன்ற நீதிபதி கிரீசா, அரசும் வங்கியும் ஒன்றே என்று நிலவழகன் விரும்பும் தீர்ப்பைத்தான் கொடுத்தார். அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒன்றே என்று வைத்துக்கொண்டாலும் பயன் இல்லை என்றது. ஏனென்றால் சட்டம் கேட்பது வங்கி சுதந்திரமாக இருக்கிறதா என்பதை அல்ல. பணம் வங்கியின் பெயரில், மத்திய வங்கிகள் வழக்கமாகச் செய்யும் பணிக்காக இருக்கிறதா என்பதைத்தான். கையிருப்பைப் பராமரிப்பது அந்தப் பணிகளில் ஒன்று. சுதந்திரமில்லாத மத்திய வங்கிகள் உலகில் எத்தனையோ இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துத்தான் சட்டம் எழுதினார்கள் என்பது நீதிமன்றத்தின் உட்கருத்து.

---

நிலவழகன் எழுதியது:

அப்படியானால் எந்த அரசும் தன் பணம் முழுவதையும் மத்திய வங்கியின் பெயருக்கு மாற்றிவிட்டுக் கையை விரித்துக் காட்டலாமே!

---

கயல்விழி எழுதியது:

காட்டலாம், அதுதான் என் குறையும். அதனால்தான் ஸ்டாக்ஹோம் தீர்ப்பு சரி என்கிறேன். பெயரைப் பார்க்காமல் பணியைப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சோதனையிலும் பணி பற்றிய பேச்சு இருக்கிறது, ஆனால் அங்கே கடன்காரர்தான் மறுத்து நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் அந்தப் பேச்சே இல்லை.

---

மு. சந்தானம் எழுதியது:

இதில் நான் கயல்விழி அம்மாவோடு உடன்படவில்லை. பணியைப் பார்க்கத் தொடங்கினால் ஒவ்வொரு ஜப்தி மனுவிலும் மத்திய வங்கி தன் முதலீட்டு உத்தியைத் திறந்து காட்ட வேண்டிவரும். எந்தப் பத்திரம் கையிருப்பு, எது சேமிப்பு என்று கோடு போடுவதும் எளிதல்ல. நெருக்கடி வரும் நாளில் சேமிப்பு நிதியை விற்றுத்தான் நாணயத்தைத் தாங்குவார்கள்.

மனு நிலுவையில் இருக்கும்போதே என்ன நடக்கும் என்பதற்கும் அதே கஜகஸ்தான் விவகாரம் சாட்சி. 2017 இறுதியில் பெல்ஜிய, டச்சு நீதிமன்ற ஆணைகளைப் பார்த்த கஸ்டோடியன் வங்கி, நிதியத்தின் சுமார் 2,200 கோடி டாலரை முடக்கிவிட்டது. வரவேண்டியது 50 கோடி, முடங்கியது அதைப்போல நாற்பது மடங்குக்கும் மேல். பிறகு அதைக் கடன் தொகையின் அளவுக்குக் குறைத்தார்கள். கஸ்டோடியனைக் குறை சொல்லவும் முடியாது. தவறாக விட்டுக்கொடுத்தால் அதுவே கட்ட வேண்டிவரும்.

இதன் நடுவில் லண்டன் நீதிமன்றத்திடம் இன்னொரு கேள்வி வந்தது. கஸ்டோடியன் யாருக்குக் கடன்பட்டிருக்கிறது, வங்கிக்கா அரசுக்கா? ஒப்பந்தம் ஆங்கிலச் சட்டத்தின் கீழ் இருந்ததால் 2020இல் லண்டன் பதில் சொன்னது: வங்கிக்கு மட்டுமே. ஆனால் பெல்ஜிய ஜப்தி செல்லுமா என்பது பெல்ஜிய நீதிமன்றத்தின் வேலை என்று விட்டுவிட்டது. இப்படி ஊருக்கு ஊர் இழுத்து, இரு தரப்பும் கடைசியில் 2024இல் சமரசத்தில்தான் முடித்தார்கள்.

---

கயல்விழி எழுதியது:

அந்தச் சமரசம் ஏன் வந்தது என்று யோசியுங்கள் ஐயா. ஸ்டாக்ஹோமும் பிரசெல்ஸும் கதவை அடைத்திருந்தால் கஜகஸ்தான் மேசைக்கு வந்திருக்குமா?

---

மு. சந்தானம் எழுதியது:

வந்திருக்காது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அவ்வளவு உறுதி இல்லை.

---

பரிதி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எங்கள் கடன் இந்த வழக்குகளோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, நான்கு நாடுகளில் வழக்கு நடத்தும் வசதி இல்லை. இன்னொன்று கேட்கிறேன். எங்கள் ஒப்பந்தத்தில், அரசு தனக்கும் தன் சொத்துக்கும் உள்ள எல்லா விலக்குரிமையையும், தீர்ப்பு நிறைவேற்றம் உட்பட, கைவிடுவதாக ஒரு பத்தி இருக்கிறது. அமைச்சகச் செயலாளர் கையெழுத்திட்டிருக்கிறார். இது போதாதா?

---

மு. சந்தானம் எழுதியது:

நிறைவேற்றம் உட்பட என்று எழுதியிருப்பது நல்லது. வழக்குக்கு மட்டும் ஒப்புக்கொண்டால் ஜப்திக்கு ஒப்புக்கொண்டதாகாது, பலர் அதை விட்டுவிடுவார்கள். அரசின் மற்றச் சொத்துக்கு இந்தப் பத்தி உங்களுக்குக் கைகொடுக்கும்.

லண்டன் கணக்குக்கு மட்டும் சிக்கல். மத்திய வங்கி தனிச் சட்ட ஆளாக இருந்தால், பிரிட்டன் சட்டத்தில் எழுத்துமூலச் சம்மதத்தை அரசு கொடுத்தால் போதாது, வங்கியே கொடுக்க வேண்டும். அதே 14(4) உட்பிரிவின் இரண்டாம் பகுதியைப் படியுங்கள். அமைச்சகத்தின் கையெழுத்து வங்கியைக் கட்டுப்படுத்தாது. அமெரிக்காவிலும் மத்திய வங்கிச் சொத்துக்கான விலக்குரிமையை வெளிப்படையாகக் கைவிட்டிருக்க வேண்டும், ஜாடையாக அல்ல. அப்படிக் கைவிட்டிருந்தாலும், தீர்ப்புக்கு முந்தைய முடக்கத்துக்கு அங்கே இடம் இல்லை.

ஆகவே முதலில் வேறு சொத்தைத் தேடுங்கள். அந்த அரசின் வணிக நிறுவனங்களில் அரசே நேரடியாகப் பங்கு வைத்திருக்கிறதா, வெளிநாட்டில் யாராவது அரசுக்குப் பணம் தர வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். தேடுவதற்கு அமெரிக்கா நல்ல இடம். டிக்ரி பெற்றவர், அரசின் சொத்து உலகில் எங்கே இருக்கிறது என்று அங்குள்ள வங்கிகளிடமே விவரம் கேட்கலாம், விலக்குரிமை அதைத் தடுக்காது என்று 2014இல் அதே அர்ஜென்டினா விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. முதலில் உங்கள் நடுவர் தீர்ப்பை அங்கே நீதிமன்றத் தீர்ப்பாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

---

பரிதி எழுதியது:

ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் மத்திய வங்கியும் கையெழுத்திட்டிருக்கிறது. பணம் செலுத்தும் முகவர் என்ற முறையில்.

---

கயல்விழி எழுதியது:

எந்த முறையில் கையெழுத்திட்டது என்பதுதான் எல்லாம். முகவராக மட்டும் என்றால் அரசின் பத்தி வங்கியின் சொந்தச் சொத்துக்கு நீளாது என்று எதிர்த்தரப்பு சொல்லும். ஒப்பந்தத்தின் எல்லாப் பத்திகளுக்கும் வங்கியும் கட்டுப்பட்டது என்று எங்காவது ஒரு வரி இருந்தால் கதை மாறும். வரையறைப் பகுதியில் "அரசு" என்ற சொல்லுக்குள் மத்திய வங்கியைச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

---

நிலவழகன் எழுதியது:

சேர்த்திருந்தால் என் சட்டைப்பை வாதம் பிழைத்தது!

---

மு. சந்தானம் எழுதியது:

வரையறையில் சேர்த்து, வங்கியும் கையெழுத்திட்டிருந்தால் வாதிடலாம். வெல்லும் என்று சொல்லமாட்டேன். பரிதி, அந்தப் பக்கத்தையும் வரையறைப் பகுதியையும் உங்கள் வழக்கறிஞரிடம் சேர்த்துக் கொடுங்கள். வங்கியின் சார்பில் கையெழுத்திட்டவருக்கு அந்த நாட்டுச் சட்டப்படி விலக்குரிமையைக் கைவிடும் அதிகாரம் இருந்ததா என்பதையும் அவர் பார்க்க வேண்டும்.